ஆர்.டி.யில் காலாண்டுக் கூட்டு வட்டியா, வருட வட்டியா: மாதம் 5,000 கட்டினால் கையில் வருவது எவ்வளவு மாறும்?

மஞ்சக்குப்பம் வித்யா

எல்லோருக்கும் வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கல்லூரிக் கட்டணத்துக்காக ஜனவரியிலிருந்து மாதம் 5,000 ரூபாய் ஆர்.டி. கட்டலாம் என்று இருக்கிறோம். ஐந்து வருடம், மொத்தம் 3 லட்சம்.

இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று போஸ்ட் ஆபீஸ். அங்கே 6.7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்ப்பார்கள். இன்னொன்று என் கணவர் உறுப்பினராக இருக்கும் பணியாளர் சிக்கன நாணயச் சங்கம். அங்கே 7 சதவீதம், ஆனால் வட்டியை வருடத்துக்கு ஒருமுறைதான் சேர்ப்பார்களாம்.

"வட்டி வீதத்தைப் பார்க்காதே, காலாண்டுக் கூட்டு வட்டி என்றால் தொகை எங்கேயோ போய்விடும்" என்கிறார் என் அண்ணன். கணவரோ ஏழு என்றால் ஏழுதான் என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான். யாராவது ரூபாய்க் கணக்காகவே சொல்ல முடியுமா?

லாஸ்பேட்டை கணேசன்

வணக்கம் அக்கா. உங்கள் அண்ணன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 6.7 சதவீதத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் வருடத்துக்கு உண்மையில் கிடைப்பது 6.87 சதவீதம். அதாவது 0.17 சதவீதம் கூடுதல். 3 லட்சத்துக்கு ஒரு வருடத்துக்கு 510 ரூபாய், ஐந்து வருடத்துக்கு 2,550 ரூபாய். வருட வட்டியைவிடக் காலாண்டு வட்டி இவ்வளவு கூடக் கொடுக்கும்.

நெல்லிக்குப்பம் ரவி

எங்கள் அப்பாவுக்கு வங்கியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடுகிறது. மாத்திரை செலவுக்குச் சரியாக இருக்கிறது. வித்யா மேடம், காலாண்டு வட்டியே நல்லது. கையில் பணம் புரளும்.

முதுநகர் பாலு

ரவி தம்பி, உங்கள் அப்பா வைத்திருப்பது நிரந்தர வைப்பு. அதில் வட்டியைக் கையில் வாங்கிக்கொள்கிறார். வித்யா கேட்பது ஆர்.டி. அதில் காலாண்டு வட்டி கைக்கு வராது, கணக்குக்குள்ளேயே அசலோடு சேரும். கையில் வாங்கிவிட்டால் கூட்டு வட்டி என்ற பேச்சே இல்லை.

கணேசன் சொன்ன 6.87 சரி. ஆனால் அதை 3 லட்சத்தோடு ஐந்து வருடத்துக்கும் பெருக்கியதுதான் உதைக்கிறது. ஆர்.டி.யில் அந்த 3 லட்சம் முதல் நாளே உள்ளே போவதில்லை. முதல் தவணைக்கு 60 மாத வட்டி, கடைசித் தவணைக்கு ஒரே ஒரு மாத வட்டி. சராசரியாக ஒரு தவணை உள்ளே இருப்பது முப்பது மாதத்துக்குக் கொஞ்சம் மேல். ஆகவே 2,550-ல் பாதியை ஒட்டித்தான் விடை வரவேண்டும்.

அஞ்சல் துறையில் இருந்தபோது இந்தக் கணக்கைப் பலருக்கும் காகிதத்தில் போட்டுக் காட்டியிருக்கிறேன். முதல் வருடத்தை மட்டும் இங்கே போடுகிறேன், பாருங்கள்.

5,000 ரூபாய்க்கு 6.7 வீதத்தில் ஒரு மாத வட்டி 27 ரூபாய் 92 பைசா. முதல் காலாண்டில் ஜனவரித் தவணைக்கு மூன்று மாதம், பிப்ரவரிக்கு இரண்டு, மார்ச்சுக்கு ஒன்று. ஆக ஆறு மாத வட்டி, 167.50. மார்ச் முடிவில் இருப்பு 15,167.50.

அடுத்த காலாண்டில் புதுத் தவணைகள் மூன்றுக்கும் அதே 167.50. கூடவே பழைய 15,167.50 முழுவதுக்கும் மூன்று மாத வட்டி, 254.06. இதில் அந்த 167.50 பெற்றுத் தந்த வட்டி எவ்வளவு தெரியுமா? 2 ரூபாய் 81 பைசா. வட்டிக்கு வட்டி என்பது இவ்வளவுதான், ஆனால் ஒவ்வொரு காலாண்டும் வளரும். இப்படியே போனால் டிசம்பர் முடிவில் இருப்பு 62,211.43.

இதே 6.7 வீதத்தை வருடக் கடைசியில் மட்டும் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு தவணைக்கும் சேர்த்து 78 மாத வட்டி, 2,177.50. இருப்பு 62,177.50.

ஒரு வருடம் முடிந்து வித்தியாசம் 34 ரூபாய். அது ஐந்தாவது வருடக் கடைசியில் 1,400 ரூபாயை ஒட்டி வந்து நிற்கும். காலாண்டில் 3,56,829, வருடத்தில் 3,55,432.

லாஸ்பேட்டை கணேசன்

நன்றி ஐயா. பணம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அப்படியானால் ஒரே வீதம் என்றால் வித்தியாசம் 1,400 ரூபாய். ஆனால் அக்கா கேட்டது 6.7-க்கும் 7-க்கும் நடுவில் அல்லவா?

மஞ்சக்குப்பம் வித்யா

அதுதான். 3 லட்சம் கட்டி வித்தியாசம் 1,400 தான் என்றால் அண்ணன் சொன்ன "எங்கேயோ" எங்கே போயிற்று என்று இருக்கிறது. 7 சதவீதத்துக்கும் போட்டுச் சொல்லுங்கள் ஐயா.

வில்லியனூர் இர்ஃபான்

நான் எக்செலில் போட்டுப் பார்த்தேன். ஆனால் குழப்பமாக இருக்கிறது.

```
=FV(6.7%/12, 60, -5000)
```

இதற்கு 3,55,199 வருகிறது. இது மாதக் கூட்டு வட்டி. மாதா மாதம் சேர்த்தால் காலாண்டைவிட அதிகம் வரவேண்டும் இல்லையா? பாலு ஐயா சொன்ன வருட வட்டித் தொகையைவிடவே குறைவாக இருக்கிறதே.

முதுநகர் பாலு

இர்ஃபான், அந்தச் சூத்திரத்தின் கடைசியில் ஒன்றும் எழுதாமல் விட்டால், தவணையை மாதக் கடைசியில் கட்டுவதாக எக்செல் எடுத்துக்கொள்ளும். அப்போது ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மாத வட்டி போய்விடும். அறுபது தவணைக்கு அது ஏறக்குறைய 2,000 ரூபாய். அதனால்தான் வருட வட்டிக்கும் கீழே இறங்கிவிட்டது.

கடைசியில் 1 சேர்த்தால் 3,57,182 வரும். அதுவும் போஸ்ட் ஆபீஸ் தொகை அல்ல, மாதக் கூட்டு வட்டிக்கு உரியது. காலாண்டுக்கு இப்படிப் போடவேண்டும்:

```
=FV((1+6.7%/4)^(1/3)-1, 60, -5000, 0, 1)
```

காலாண்டு வளர்ச்சியை மூன்று மாதத்துக்கும் சமமாகப் பிரித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். இதற்கு 3,56,829 வரும். 100 ரூபாய்க்கு 7,136.58 என்பார்களே, அதேதான்.

வில்லியனூர் இர்ஃபான்

சரியாக வந்துவிட்டது ஐயா. ஆனால் நீங்கள் முதலில் சொன்னபடி காலாண்டு காலாண்டாக இருபது வரி போட்டும் பார்த்தேன். அதில் 3,56,836 வருகிறது. ஏழு ரூபாய் கூடுதல். எங்கேயாவது பிசகிவிட்டேனா?

முதுநகர் பாலு

பிசகவில்லை. காகிதத்தில் போடும்போது காலாண்டுக்குள் தனி வட்டி எடுக்கிறோம். ஒரு மாதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மாதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு. சூத்திரமோ அதற்குள்ளும் கூட்டு வட்டியாகவே பிரிக்கிறது. அப்படிப் பிரித்தால் முதல் மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். காலாண்டுக்கு 40 பைசாகூட இல்லை, இருபது காலாண்டில் ஏழு ரூபாய் ஆகிவிடுகிறது. போஸ்ட் ஆபீஸ் அட்டவணை சூத்திரத்தோடு ஒத்துப்போகிறது. வங்கியில் கேட்டு வாங்கும் தொகை இப்படி ஐந்து பத்து ரூபாய் தள்ளி இருந்தால் சண்டைக்குப் போகவேண்டாம். ஆயிரக்கணக்கில் தள்ளி இருந்தால் வேறு எதையோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

தேவனாம்பட்டினம் செல்வி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு 2,000 ரூபாய் ஆர்.டி. இருக்கிறது. எங்கள் வீட்டில் கடல் தொழில். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது, கையில் காசு இருக்காது. வருடா வருடம் இரண்டு தவணை தவறிவிடுகிறது. அதனால் கூட்டு வட்டி அறுந்துவிடுமா?

முதுநகர் பாலு

போஸ்ட் ஆபீஸ் கணக்கு என்று வைத்துச் சொல்கிறேன் அம்மா. கூட்டு வட்டி அறுபடாது. தவறிய தவணைக்கு 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் அபராதம். ஏப்ரலும் மேயும் விட்டு ஜூனில் சேர்த்துக் கட்டினால், ஏப்ரல் தவணைக்கு இரண்டு மாதம், மே தவணைக்கு ஒரு மாதம். உங்கள் 2,000-க்கு மூன்று இருபது, அறுபது ரூபாய். கட்டிவிட்டால் முதிர்வுத் தொகை குறையாது.

நாலு தவணை வரை இப்படித் தவறலாம். அதற்கு மேல் போனால் கணக்கு நின்றுவிடும். அப்புறம் இரண்டு மாதத்துக்குள் போய் உயிர்ப்பிக்கவேண்டும்.

ஆனால் உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. மார்ச்சில் கையில் காசு இருக்கும்போதே ஆறு தவணையை முன்கூட்டிக் கட்டிவிடுங்கள். 100 ரூபாய்க் கணக்குக்குப் பத்து ரூபாய் தள்ளுபடி உண்டு. உங்களுக்கு 200 ரூபாய். அபராதமாக 60 போவதற்குப் பதில் 200 மிச்சம்.

தேவனாம்பட்டினம் செல்வி

தள்ளுபடி விஷயம் எங்கள் ஏஜென்ட் அக்கா சொல்லவே இல்லை. பன்னிரண்டாயிரம் ஒரே நேரத்தில் புரட்டுவதுதான் கஷ்டம். பார்க்கிறேன் ஐயா.

முதுநகர் பாலு

இனி வித்யா கேள்விக்கு வருகிறேன். கணவர் சங்கத்தில் 7 சதவீதம், வருடத்துக்கு ஒருமுறை. நான் மேலே போட்டதுபோல ஒவ்வொரு தவணைக்கும் கட்டிய மாதத்திலிருந்தே வட்டி என்றால் 3,58,127 வரும். போஸ்ட் ஆபீஸைவிட 1,300 ரூபாய் கூடுதல். கணவர் பக்கம் ஜெயம்.

எந்த வீதத்தில் இரண்டும் சமமாகும் என்றும் பார்த்தேன். 6.7 காலாண்டுக்குச் சமமான வருட வட்டி 6.86-ஐ ஒட்டி வருகிறது. சங்கத்தில் 6.8 என்றிருந்தால் போஸ்ட் ஆபீஸ் 500 ரூபாய் முந்தியிருக்கும். 7 என்பதால் பிந்துகிறது. அண்ணன் சொல்லும் கூட்டு வட்டிக்கு இருக்கும் பலம் இந்த 0.16 சதவீதம்தான்.

ஆனால் இங்கேயே முடிவெடுத்துவிடாதீர்கள். சங்கச் செயலரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: "ஜனவரியில் கட்டும் தவணைக்கு அந்த வருடம் எத்தனை மாத வட்டி போடுவீர்கள்?"

பன்னிரண்டு என்றால் மேலே சொன்ன கணக்கு. பதினொன்று என்றால், அதாவது கட்டிய மாதத்தை விட்டுவிட்டு அடுத்த மாதத்திலிருந்து கணக்கெடுத்தால், வருடத்துக்கு 78 மாத வட்டி 66 ஆகிவிடும். அப்போது கையில் வருவது 3,56,114. போஸ்ட் ஆபீஸைவிட 700 ரூபாய் குறைவு. அதே 7 சதவீதம், அதே வருட வட்டி, முடிவு தலைகீழ்.

இன்னும் மோசமான பதிலும் வரலாம். "வருட ஆரம்பத்தில் இருப்பில் இருக்கும் தொகைக்குத்தான் வட்டி, அந்த வருடத்துத் தவணைகளுக்கு அடுத்த வருடத்திலிருந்து" என்றால் தொகை 3,45,044-க்கு விழுந்துவிடும். போஸ்ட் ஆபீஸைவிட ஏறக்குறைய 11,800 குறைவு. வருட வட்டி என்று சொல்லும் இடத்தில் நான் பயப்படுவது இதற்குத்தான். காலாண்டா வருடமா என்பதில் போவது ஆயிரத்துச் சொச்சம். கட்டிய பணத்துக்கு எந்த மாதத்திலிருந்து வட்டி ஓடுகிறது என்பதில் போவது அதைவிடப் பல மடங்கு.

லாஸ்பேட்டை கணேசன்

இது சரியான கேள்வி. போஸ்ட் ஆபீஸில் மாதம் 15-ந் தேதி கட்டினாலும் 1-ந் தேதி கட்டினாலும் முழு மாத வட்டி உண்டா ஐயா?

முதுநகர் பாலு

உண்டு. மாதம் 15-க்குள் தொடங்கிய கணக்கு என்றால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்டினால் போதும். 16-லோ அதற்கு அப்புறமோ தொடங்கியது என்றால் மாதக் கடைசி வேலை நாள் வரை நேரம். கெடுவுக்குள் கட்டினால் முதிர்வுத் தொகையில் ஒரு பைசா மாறாது. தொடங்கும்போது இருந்த வீதமே ஐந்து வருடமும் ஓடும், நடுவில் அரசு கூட்டினாலும் குறைத்தாலும் உங்கள் கணக்குக்குப் பொருந்தாது.

வில்லியனூர் இர்ஃபான்

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கூட்டுறவு வங்கி என்றால் வைப்புக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. பணியாளர் சங்கம் வங்கி அல்ல, அதற்கு அந்தக் காப்பீடு கிடையாது. 1,300 ரூபாய் கூடுதலுக்காக அந்த ஆபத்தை எடுக்கலாமா என்று எனக்குத் தோன்றுகிறது.

நெல்லிக்குப்பம் ரவி

அப்படிப் பார்த்தால் யாரும் சங்கத்தில் போடவே முடியாது. என் மாமா முப்பது வருடமாக அவர் ஆபீஸ் சங்கத்தில் கட்டி வருகிறார், ஒரு தடவையும் பணம் தாமதமானதில்லை. சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள், தவணை தவறவே தவறாது. அதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

வில்லியனூர் இர்ஃபான்

சம்பளத்தில் பிடிப்பது நல்ல விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை. சங்கத்துக்குச் சங்கம் மாறும்.

மஞ்சக்குப்பம் வித்யா

எல்லோருக்கும் மிக்க நன்றி. கணவர் இன்றே செயலரிடம் போனில் கேட்டார். "கட்டிய மாதத்திலிருந்துதான்" என்றாராம், ஆனால் "துணைவிதியைப் பார்த்துச் சொல்கிறேன்" என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். போன வருடம் வேறொரு உறுப்பினருக்கு முடிந்த ஆர்.டி. பாஸ்புக்கை வாங்கிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறோம். அதில் முதல் வருட வட்டியைப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா?

முதுநகர் பாலு

நல்ல யோசனை. முதல் வருட வட்டியை மாதத் தவணையால் வகுத்து, வீதத்தாலும், அதாவது 7 சதவீதம் என்றால் 7-ஆலும் வகுத்து, 1,200-ஆல் பெருக்குங்கள். 78 வந்தால் கட்டிய மாதத்திலிருந்து. 66 வந்தால் அடுத்த மாதத்திலிருந்து. பூஜ்ஜியம் என்றால் அந்தப் பக்கமே போகவேண்டாம். 5,000 தவணை, 7 சதவீதம் என்றால் முதல் வருடம் 2,275 இருக்கவேண்டும், 1,925 இருந்தால் ஒரு மாதம் விட்டுவிடுகிறார்கள். ஒன்று மட்டும், அந்தக் கணக்கு வருடத்தின் முதல் மாதத்தில் தொடங்கியதா என்று பாருங்கள். நடுவில் தொடங்கியது என்றால் இரண்டாவது வருட வட்டியிலிருந்து முந்தைய இருப்புக்கான வட்டியைக் கழித்துவிட்டு அப்புறம் வகுக்கவேண்டும்.

இன்னொன்று உறுத்துகிறது அம்மா. மகள் எட்டாம் வகுப்பு என்றீர்கள். வரும் ஜனவரியில் தொடங்கினால் ஐந்து வருடம் முடிவது அவள் கல்லூரியில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து. கட்டணம் கேட்பது ஜூன், ஜூலையில். அப்போது 54 தவணைதான் ஆகியிருக்கும்.

மஞ்சக்குப்பம் வித்யா

ஐயோ, ஆமாம் ஐயா. நடுவில் முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். மூன்று வருடத்துக்கு அப்புறம் முடிக்க விடுவார்கள் என்று சொன்னார்களே?

முதுநகர் பாலு

விடுவார்கள். ஆனால் ஒரு நாள் முந்தி முடித்தாலும் மொத்தத் தவணைக்கும் சேமிப்புக் கணக்கு வட்டிதான், 4 சதவீதம். 54 தவணைக்கு அது 24,750 ரூபாயை ஒட்டி வரும். 6.7 காலாண்டில் அதே 54 தவணைக்கு 45,500 ரூபாய்க்கு மேல் சேர்ந்திருக்கும். இருபதாயிரம் போய்விடும்.

முடிப்பதற்குப் பதில் கணக்கின் மேல் கடன் வாங்குங்கள். ஒரு வருடம் ஓடி, பன்னிரண்டு தவணை கட்டிய கணக்கில், இருப்பில் பாதி வரை கொடுப்பார்கள். வட்டி ஆர்.டி. வீதத்தோடு 2 சதவீதம் கூட, உங்களுக்கு 8.7. ஒன்றே முக்கால் லட்சமோ இரண்டு லட்சமோ வேண்டும் என்றால் அது போதாது. 1,35,000 எடுத்தால் ஆறு மாத வட்டி 5,900-ஐத் தாண்டாது. மீதித் தவணையைக் கட்டிக்கொண்டே வந்து, முதிரும்போது கழித்துக்கொள்ளலாம்.

லாஸ்பேட்டை கணேசன்

அதற்கு வங்கி ஆர்.டி.யே சரியாக இருக்குமோ? அங்கே 54 மாதம் என்று நாமே கால அளவைச் சொல்லித் தொடங்கலாம். பெரும்பாலும் அதுவும் காலாண்டுக் கூட்டு வட்டிதான். வீதம் கொஞ்சம் குறைந்தாலும் ஜூனில் கையில் முழுதாக வந்துவிடும்.

முதுநகர் பாலு

கணேசன் சொல்வது நல்ல வழி. வித்யா, வங்கியில் 54 மாதத்துக்கு என்ன வீதம் என்று கேட்டு இங்கே போடுங்கள், இர்ஃபான் சூத்திரத்தில் 60-க்குப் பதில் 54 வைத்துப் பார்த்துவிடலாம்.

மஞ்சக்குப்பம் வித்யா

திங்கட்கிழமை வங்கிக்கும் போகிறேன் ஐயா. சங்கத்தில் 54 மாதத்துக்கு விடுவார்களா, நடுவில் முடித்தால் என்ன வட்டி என்பதையும் கணவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். வீதம் தெரிந்ததும் எழுதுகிறேன்.